ராத்திரி 12 மணிக்கு ஷிஃப்ட் முடியறதில்ல

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு `GROUP BY` பத்தினது. அந்த ஒரு வரியால ஒரு தொழிற்சாலையில நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்களோட ஓவர்டைம் பணம் மாசக்கணக்கா தப்பான ஆளுக்குப் போய்க்கிட்டு இருந்தது. அந்தக் கதையையும், அதுக்குப் பின்னாடி இருக்கிற சட்டத்தையும், கணக்கையும் பேசப்போறோம். கோட் பிடிக்காதவங்க பயப்பட வேண்டாம். மொத்தமா ரெண்டு சின்னத் துண்டுதான், எழுத்து வடிவத்துல கீழே வரும். மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்.

முதல்ல களம். ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பேர் வேண்டாம். 24 மணி நேரமும் ஓடுற பிளான்ட். ஏ ஷிஃப்ட் காலை 6 மணி முதல் மதியம் 2 வரை, பி ஷிஃப்ட் 2 முதல் ராத்திரி 10 வரை, சி ஷிஃப்ட் 10 முதல் மறுநாள் காலை 6 வரை. ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. அதனால ஒரு ஷிஃப்டுக்கு உண்மையான வேலை நேரம் ஏழரை மணி. சி ஷிஃப்ட்ல அந்த இடைவேளை ராத்திரி 2 மணிக்கு வரும். இந்த விவரம் கணக்குக்குத் தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க. பிளான்ட் நிக்காம ஓடுறதால வீக் ஆஃப் எல்லாருக்கும் ஞாயித்துக்கிழமை கிடையாது, ஆளுக்கு ஒரு நாள்.

இந்தக் கம்பெனி பயன்படுத்தின வருகைப்பதிவு, சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் வேற ஒரு நிறுவனம் செஞ்சது. அதை எடுத்துப் பராமரிக்கிற வேலை எங்க டீமுக்கு வந்தப்போ, கூடவே ஒரு புகார் பட்டியலும் வந்தது. அதுல ஒரு வரி: "சி ஷிஃப்ட் ஓ.டி. சில சமயம் குறையுது என்று ஒரு ஆபரேட்டர் சொல்கிறார். சரிபார்த்தோம், மொத்தக் கணக்கு சரியாக உள்ளது." கடைசியில "மூடப்பட்டது"ன்னு போட்டிருந்தது.

எனக்கு அந்த "சில சமயம்"தான் உறுத்துச்சு. கணக்கு எப்பவும் தப்பா இருந்தா கண்டுபிடிக்கிறது சுலபம். சில சமயம் மட்டும் தப்பா இருந்தா, எந்தச் சமயம்ங்கிறதுலதான் பதில் இருக்கும்.

பிளான்டுக்குப் போயி அந்த ஆபரேட்டரைப் பார்த்தேன். நாற்பது வயசுக்கு மேல இருக்கும். சட்டைப் பையில ஒரு சின்ன டைரி. ஓ.டி. நின்ன ஒவ்வொரு நாளும், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், ரிலீவர் வந்தாரா இல்லையா, எல்லாம் பேனாவால எழுதி வெச்சிருந்தார்.

"அண்ணே, இதுல எந்த நாளுக்கெல்லாம் காசு குறைஞ்சது?"ன்னு கேட்டேன்.

"டிக் போட்டது எல்லாம் சரியா வந்தது தம்பி. வட்டம் போட்டதுதான் குறைஞ்சது. நானும் பார்த்துட்டேன், ஒரே மாதிரி நாலு மணி நேரம்தான் நிக்கிறேன். சில வாட்டி ரெண்டரை மணிக்குக் காசு வருது, சில வாட்டி அரை மணிக்கு வருது. கேட்டா சிஸ்டம் அப்படித்தான் போடுதுன்னு சொல்றாங்க."

நாலு மணி நேரம் நின்னா ஏன் ரெண்டரைக்குத்தான் காசுன்னு உங்களுக்குக் கேள்வி வரும். அதுக்கு முன்னாடி அப்போ சட்டம் என்ன சொல்லுச்சுன்னு பார்த்துடலாம். 2025 நவம்பர் வரைக்கும் நடப்புல இருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 59. ஒரு தொழிலாளி ஒரு நாள்ல 9 மணி நேரத்துக்கு மேலயோ, ஒரு வாரத்துல 48 மணி நேரத்துக்கு மேலயோ வேலை பார்த்தா, அந்தக் கூடுதல் நேரத்துக்கு வழக்கமான சம்பளத்தைப் போல ரெண்டு மடங்கு கொடுக்கணும்னு அது சொல்லுச்சு. நிறைய கம்பெனிகள் 8 மணி தாண்டினாலே ஓ.டி. கொடுத்தாங்க. இந்தக் கம்பெனி சட்டத்துல இருந்த 9ஐ அப்படியே பிடிச்சுக்கிட்டது.

இவர் ராத்திரி 10 மணிக்கு வந்து மறுநாள் காலை 10 மணி வரைக்கும் நின்னார். பன்னிரண்டு மணி நேரம். அரை மணி இடைவேளை போக பதினொன்றரை. 9ஐ கழிச்சா ரெண்டரை மணி ஓ.டி. அதனால டிக் போட்ட நாட்கள் சரி. வட்டம் போட்ட நாட்கள்ல ரெண்டு மணி நேரம் காணோம்.

டைரியில இருந்த வட்டங்களை எடுத்து ஷிஃப்ட் ரோஸ்டரோட பக்கத்துல வெச்சேன். பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சு. வட்டம் போட்ட ஆறு நாளுமே வீக் ஆஃபுக்கு முந்தின ராத்திரி. அந்தச் சுற்றோட கடைசி நைட். டிக் போட்டது எல்லாம் நடுவுல வந்த ராத்திரிகள்.

இப்ப கோடைத் திறந்தோம். சுருக்கிப் போட்டா இதுதான்:

```sql
SELECT emp_id, work_date,
       GREATEST(SUM(minutes) - 540, 0) AS ot_minutes
FROM segments
GROUP BY emp_id, work_date;
```

540 நிமிஷம்னா 9 மணி நேரம். ஒரு ஆளுக்கு, ஒரு தேதிக்கு, எத்தனை நிமிஷம்னு கூட்டு; 540ஐ கழி; மிச்சம் ஓ.டி. படிக்கிறதுக்கு ரொம்ப நியாயமா இருக்குல்ல? சிக்கல் `work_date`ல இருக்கு. அது காலண்டர் தேதி. ராத்திரி 12 மணியைத் தாண்டுற எந்த வேலை நேரத்தையும் இந்த சாஃப்ட்வேர் ரெண்டாக் கிழிச்சு, முன்பாதியை முதல் தேதியிலயும் பின்பாதியை அடுத்த தேதியிலயும் போட்டுச்சு.

ஏன் கிழிச்சாங்க? இதுக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. எக்செல்ல வருகைப்பதிவு போட்டவங்களுக்குத் தெரியும். வந்த நேரம் 22:00, போன நேரம் 06:00, ரெண்டையும் கழிச்சா மைனஸ் வரும், செல் முழுக்க `#####`னு நிக்கும். அதைச் சரிபண்ண சிலர் ஒரு நாளைக் கூட்டுவாங்க. சிலர் ராத்திரி 12ல வெட்டி ரெண்டு வரியாப் போடுவாங்க. இங்க ரெண்டாவது வழி. அதனால மைனஸ் போச்சு, வேலை நேரத்தோட மொத்தமும் சரியா வந்துச்சு. ஆனா ஓ.டி.க்கு மொத்தம் சரியா இருந்தா மட்டும் பத்தாது. 9ங்கிற கோட்டை எந்த நாளுக்கு இழுக்கிறோம்ங்கிறதுதான் விஷயமே.

இப்ப அண்ணனோட ஒரு வாரத்தை எடுத்துக்கலாம். புதன்கிழமை அவருக்கு வீக் ஆஃப். திங்கள் ராத்திரியும் செவ்வாய் ராத்திரியும் சி ஷிஃப்ட். செவ்வாய் ராத்திரிதான் கடைசி.

திங்கள் ராத்திரி 10க்கு வந்து செவ்வாய் காலை 10 வரைக்கும் நின்னார்னு வெச்சுக்கோங்க. சாஃப்ட்வேர் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் பார்க்குது. நள்ளிரவு முதல் காலை 10 வரை, இடைவேளை போக ஒன்பதரை மணி. அன்னைக்கு ராத்திரி 10க்கு மறுபடியும் வேலைக்கு வர்றார் இல்லையா, 10 முதல் 12 வரை ரெண்டு மணி. மொத்தம் பதினொன்றரை. ஓ.டி. ரெண்டரை. சரியான விடை!

இதைத்தான் நான் முதல் தடவை பார்த்தப்போ நம்பல. வழி தப்பு, விடை சரி. எப்படின்னா, திங்கள் ராத்திரி ஷிஃப்டோட முதல் ரெண்டு மணி நேரம் திங்கள் தேதிக்குப் போயிடுச்சு. அதுக்குப் பதிலா செவ்வாய் ராத்திரியோட முதல் ரெண்டு மணி நேரம் வந்து அந்த இடத்துல உட்கார்ந்துக்குச்சு. அடுத்த ராத்திரிகிட்ட கடன் வாங்கி இந்த ராத்திரியை நிரப்புது. தினமும் ஒரே ஷிஃப்ட்ல வர்ற வரைக்கும் இந்தக் கடன் யாருக்கும் தெரியாது.

இப்ப செவ்வாய் ராத்திரி. 10க்கு வந்தார், புதன் காலை 10 வரைக்கும் நின்னார். சாஃப்ட்வேர் புதன் தேதியைப் பார்க்குது. நள்ளிரவு முதல் காலை 10 வரை ஒன்பதரை. புதன் ராத்திரி வேலை இல்ல, வீக் ஆஃப். கடன் கொடுக்க ஆள் இல்ல. ஒன்பதரையில 9 போனா அரை மணி. அதே பன்னிரண்டு மணி நேரம்தான் நின்னார், அதே மெஷின்தான், ரெண்டு மணி நேர ஓ.டி. காணாமப் போச்சு. அந்த ரெண்டு மணி எங்க இருக்குன்னா, அந்தச் சுற்றோட முதல் ராத்திரியில, 10 முதல் 12 வரைக்கும், தனியா ஒரு தேதியில ரெண்டே மணி நேரமா அனாதையா நிக்குது.

(ஒரு சின்ன இடைச்செருகல். வீக் ஆஃப் அன்னைக்கு ஒன்பதரை மணி வேலைன்னு வந்தா சிஸ்டம் கத்தியிருக்கணுமேன்னு யாராவது யோசிப்பீங்க. கத்தியிருக்கு. அதுக்காக எப்பவோ ஒருத்தர், "வீக் ஆஃப் தேதியில நேரம் நள்ளிரவுல இருந்து ஆரம்பிச்சா கண்டுக்காதே"ன்னு ஒரு ஒட்டு போட்டு வெச்சிருந்தார். நோயோட அறிகுறி தெரிஞ்ச ஒரே இடம் அது. அதையும் மூடியாச்சு.)

வாரக் கணக்கு காப்பாத்தாதான்னு கேட்கலாம். அந்த வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் ராத்திரி, அப்புறம் வியாழன் முதல் சனி வரை பி ஷிஃப்ட். அதுல செவ்வாய் மட்டும்தான் கூடுதலா நின்னார்னு வெச்சா மொத்தம் 49 மணி. ஏற்கெனவே கொடுக்க வேண்டிய ரெண்டரை மணி ஓ.டி.யை எடுத்துட்டா 46.5. 48க்குள்ள இருக்கு. ஆக, வாரக் கோடு இங்க புதுசா எதுவும் தராது. அன்றாடக் கோடுதான் அவரோட ஒரே பாதுகாப்பு.

பணமா என்ன ஆகுது? கணக்கு சுலபமா இருக்கட்டும்னு அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்த்து மாசம் ₹18,720ன்னு வெச்சுக்கலாம். 26 நாள், நாளுக்கு 8 மணின்னு வகுத்தா மணிக்கு ₹90. ரெண்டு மடங்கு ₹180. ரெண்டு மணி காணாமப் போனா ₹360. டைரியில ஆறு வட்டம், ₹2,160. நமக்கு இது ஒரு வார ஃபுட் டெலிவரி பில்லா இருக்கலாம். காலை 6 மணிக்குத் தூங்கப் போக வேண்டிய ஆள், ரிலீவர் வரலைன்னு 10 மணி வரைக்கும் பிரஸ் மெஷின் முன்னாடி நின்ன காசு அது.

சரி, ஆறு தடவை குறைஞ்சிருக்கு, பிளான்ட் முழுக்கப் பார்த்தா இன்னும் நிறைய பேருக்கு. மொத்த ஓ.டி. தொகை ஏன் குறைவாத் தெரியல? "மொத்தக் கணக்கு சரியா இருக்கு"ன்னு எச்.ஆர். சொன்னது பொய் இல்ல. நான் அந்த மேடத்தோட உட்கார்ந்து பார்த்தேன், அவங்க சொன்னது உண்மை. காரணம், இதே வரி இன்னொரு பக்கம் இல்லாத ஓ.டி.யை உண்டாக்கிட்டு இருந்தது.

ஒருத்தர் செவ்வாய் ராத்திரி சி ஷிஃப்ட் முடிச்சு புதன் காலை 6க்கு வீட்டுக்குப் போறார். புதன் மதியம் 2 மணிக்கு பி ஷிஃப்டுக்கு வர்றார். ரோஸ்டர் மாறும்போதோ, நண்பருக்காக ஷிஃப்ட் மாத்திக்கும்போதோ இது நடக்கும். தூக்கம் கெட்டதுதான், ஆனா சட்டப்படி ரெண்டும் தனித்தனி ஏழரை மணி. ஓ.டி. கிடையாது. சாஃப்ட்வேர் கண்ணுக்கு? புதன் தேதியில காலைல ஐந்தரை, மதியத்துக்கு மேல ஏழரை, மொத்தம் 13. ஓ.டி. 4 மணி, ₹720. அவர் புகார் பண்ணுவாரா? "ஏதோ இன்சென்டிவ் போட்டிருக்காங்க போல"ன்னு நினைச்சேன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

ஒருத்தர்கிட்ட குறையுது, இன்னொருத்தர்கிட்ட கூடுது, கூட்டினா கிட்டத்தட்ட சமம். மாச இறுதியில மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிற எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

இப்ப மூணாவது வகை. என்னைக் கேட்டா இதுதான் மோசமானது. ஒருத்தர் பி ஷிஃப்டுக்கு மதியம் 2க்கு வர்றார். சி ஷிஃப்டுக்கு ஆள் இல்ல. அவரையே நிக்கச் சொல்றாங்க. மறுநாள் காலை 6 வரைக்கும் டபுள் ஷிஃப்ட். பதினாறு மணி நேரம், ரெண்டு இடைவேளை போக 15. ஓ.டி. 6 மணி வரணும். காலண்டர் தேதியில வெட்டினா முதல் தேதிக்கு ஒன்பதரை, அடுத்த தேதிக்கு ஐந்தரை. மறுநாள் அவருக்கு வீக் ஆஃப்னா ஓ.டி. அரை மணி. ஐந்தரை மணி நேரம், ₹990 போச்சு.

பணம் மட்டும் இல்ல. ஓ.டி.க்கு விலக்கு கொடுத்து விதிகள் போடும்போதே, பிரிவு 64 ஒரு வரம்பு வெச்சிருந்தது: ஒரு நாளைக்கு மொத்த வேலை 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 15 மணி நேரம் நிக்க வெச்சது நேரடி மீறல். ஆனா ரிப்போர்ட்ல அது "9.5"னு ஒரு வரி, "5.5"னு ஒரு வரி. ரெண்டும் பத்துக்குள்ள. ஆய்வாளர் வந்து பதிவேட்டைப் புரட்டினாலும் கண்ணுல படாது. யாரும் திட்டம் போட்டு மறைக்கல, மறைஞ்சிடுச்சு.

இப்ப முக்கியமான கேள்வி. "நாள்"னா என்ன? டெவலப்பர் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. அதே தொழிற்சாலைகள் சட்டத்தோட பிரிவு 2(இ)ல நாள்ங்கிறதுக்கு வரையறை இருந்தது: நள்ளிரவுல ஆரம்பிக்கிற 24 மணி நேரம். அதை மட்டும் படிச்சா கோட் சரி. ஆனா பிரிவு 57 வரைக்கும் போகணும். அது நைட் ஷிஃப்டுக்குன்னே இருந்த பிரிவு. நள்ளிரவைத் தாண்டுற ஷிஃப்ட்ல வேலை பார்க்கிறவருக்கு, நள்ளிரவுக்குப் பிறகு பார்த்த நேரம் முந்தின நாள் கணக்குல சேரும். அவரோட அடுத்த நாள் அந்த ஷிஃப்ட் முடியும்போதுதான் ஆரம்பிக்குது. விடுமுறை நாளும் அப்படித்தான், ஷிஃப்ட் முடிஞ்ச நேரத்துல இருந்து தொடர்ந்து 24 மணி நேரம். 2020ல நிறைவேறின தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்புலயும் இதே விதி நைட் ஷிஃப்ட் பிரிவுல தொடருது. ஆக, 1948லயே இந்த பக் வரும்னு ஊகிச்சு ஒரு பிரிவு எழுதி வெச்சுட்டாங்க. படிக்கத்தான் ஆள் இல்ல.

இதை நம்ம மூணு கேஸ்லயும் போட்டுப் பாருங்க. செவ்வாய் ராத்திரி ஷிஃப்ட், புதன் காலை 10 வரைக்கும், எல்லாமே செவ்வாய்க் கணக்கு. 11.5, ஓ.டி. 2.5. சி முடிச்சு பி வந்தவர்: சி செவ்வாய்க்கு, பி புதனுக்கு, ஓ.டி. இல்ல. டபுள் ஷிஃப்ட்: பி புதன், சி ஷிஃப்டோட நள்ளிரவுக்குப் பிந்தின நேரமும் புதன், மொத்தம் 15, ஓ.டி. 6. மூணுமே சரியா உட்காருது.

அப்போ தீர்வு `work_date`க்குப் பதிலா `shift_date`னு ஒரு காலம். ஷிஃப்ட் எந்தத் தேதியில ஆரம்பிச்சதோ அந்தத் தேதி. ஒரு வரி மாத்தினாப் போதும். ஆனா அந்த `shift_date`ஐ எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்களுக்கு ரெண்டு வாரம் போனது இதுலதான்.

பயோமெட்ரிக் மெஷினோட வர்ற சாஃப்ட்வேர்கள் நிறையத்துல "நாள் ஆரம்பிக்கும் நேரம்"னு ஒரு செட்டிங் இருக்கும். நள்ளிரவுக்குப் பதிலா காலை 6ன்னு வைக்கலாம். எல்லாருக்கும் முதல்ல தோணுற வழி இதுதான், எங்க டீம்லயும் ஒருத்தர் சொன்னார். ரெண்டு இடத்துல உடையும். ஏ ஷிஃப்ட் ஆட்கள் 5:45க்கே பஞ்ச் பண்ணிடுவாங்க, அவங்க முந்தின நாள்ல போய் விழுவாங்க. இன்னொன்னு, நம்ம அண்ணன் 10 மணி வரைக்கும் நிக்கிறார். 6ல வெட்டினா நாலு மணி நேரம் மறுபடியும் அடுத்த நாளுக்குப் போயிடும். எந்த மணியில கோடு போட்டாலும், 24 மணி நேரம் ஓடுற பிளான்ட்ல அந்த மணியைத் தாண்டி யாராவது ஒருத்தர் வேலை செஞ்சுக்கிட்டுத்தான் இருப்பார்.

(இதுக்கு ஒரு வேடிக்கையான உறவுக்காரன் உண்டு. சர்வர் நேரத்தை யு.டி.சி.ல வெச்சுட்டு, தேதியையும் யு.டி.சி.லயே எடுத்தா, இந்தியாவுக்கு நாள் மாறுறது காலை 5:30க்கு. சி ஷிஃப்ட் கிட்டத்தட்ட முழுசா ஒரே தேதியில வந்துடும். தப்பால தப்பு சரியான மாதிரி இருக்கும். ஏ ஷிஃப்ட்ல ஒருத்தர் 5:25க்கு பஞ்ச் பண்ற வரைக்கும்.)

அதனால கோடு போடுறதை விட்டுட்டோம். முதல்ல உள்ளே வந்த பஞ்சையும் வெளியே போன பஞ்சையும் ஜோடி சேர்க்கணும், நள்ளிரவைப் பத்திக் கவலைப்படாம. அப்புறம், உள்ளே வந்த நேரத்துக்கு எந்த ஷிஃப்டோட ஆரம்பம் ரோஸ்டர்ல பக்கத்துல இருக்குன்னு பார்க்கணும். அந்த ஷிஃப்டோட தேதிதான் முழு ஜோடிக்கும் தேதி.

```python
def shift_date(punch_in, roster):
    nearest = min(roster, key=lambda s: abs(s.start - punch_in))
    return nearest.start.date()
```

பஞ்ச் பண்ணின தேதியையே எடுத்துட்டா என்னன்னு கேட்பீங்க. முக்கால்வாசி நேரம் சரி வரும். செவ்வாய் சி ஷிஃப்டுக்கு ஒருத்தர் பெர்மிஷன் சொல்லிட்டு லேட்டா, ராத்திரி 12:20க்கு வர்றார். பஞ்ச் தேதி புதன். ஆனா அது செவ்வாய் ஷிஃப்ட். செவ்வாய் 22:00 ரெண்டு மணி இருபது நிமிஷ தூரத்துல இருக்கு, அவரோட அடுத்த ஷிஃப்ட் அதைவிட எவ்வளவோ தள்ளி. மேல இருக்கிற வழி செவ்வாயைச் சரியா எடுக்கும்.

இதுவும் முழுசாக் காப்பாத்தாது. ஷிஃப்ட் மாத்திக்கிறது தரையில வாய்வழியா நடக்குது. சூப்பர்வைசர் ஒரு சீட்டுல எழுதுவார், அது ரோஸ்டர்ல ஏறுறதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் பக்கத்துல இருக்கிற ஷிஃப்ட்னு நாம எடுக்கிறது தப்பா இருக்கலாம். அதனால தூரம் 4 மணி நேரத்துக்கு மேல போனா கணக்குப் போடாம, மனுஷன் பார்க்கட்டும்னு தனிப் பட்டியல்ல வெச்சோம். வெளியே போகும்போது பஞ்ச் பண்ண மறந்தவங்க இன்னொரு தலைவலி. அவங்களோட உள்பஞ்ச் மறுநாள் வெளிபஞ்சோட ஜோடி சேர்ந்து 32 மணி நேரம் வேலைன்னு நிக்கும். 17 மணி நேரத்தைத் தாண்டின ஜோடி எல்லாம் அதே தனிப் பட்டியலுக்கு. ஏன் 17ன்னா, டபுள் ஷிஃப்ட் 16, முன்ன பின்ன கொஞ்சம். சட்டப்படி நடக்கக் கூடாத ஒண்ணுதான், ஆனா நடக்குது. நடந்ததை சாஃப்ட்வேர் மறைச்சா அவருக்குத்தான் நஷ்டம்.

புது கோடை ஏத்துறதுக்கு முன்னாடி பழைய ஒன்பது மாசத்தை ரெண்டு வழியிலயும் ஓட்டி, வித்தியாசம் வந்த வரிகளை மட்டும் எடுத்தோம். எதிர்பார்த்த மாதிரியே வித்தியாசங்கள் எல்லாம் ஓரங்கள்ல: வீக் ஆஃபுக்கு முந்தின ராத்திரி, ரோஸ்டர் மாறுற நாள், டபுள் ஷிஃப்ட். நடு ராத்திரிகள்ல ஒண்ணு கூட இல்ல. அண்ணன் டைரியில வட்டம் போட்ட ஆறும் அந்தப் பட்டியல்ல இருந்தது. அவர் எழுதாம விட்ட ஏழாவது ஒண்ணும் இருந்தது.

எச்.ஆர். மேடம் முதல்ல கேட்ட கேள்வி, "கூடுதலாப் போனவங்ககிட்ட பிடிக்கணுமா?" சட்டம் அதுக்கு வழி விட்டுச்சு, அப்போ நடப்புல இருந்த 1936ஆம் வருஷத்து ஊதியம் வழங்கல் சட்டத்துல கூடுதலாக் கொடுத்த சம்பளத்தைச் சரிசெய்ய அனுமதி இருந்தது. கம்பெனி பிடிக்க வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. குறைஞ்சவங்களுக்கு அரியரா அடுத்த மாசமே போட்டாங்க. டபுள் ஷிஃப்ட் பட்டியல் மட்டும் கொஞ்ச நாள் மேடம் மேஜையிலயே இருந்தது. 15ங்கிற எண் இப்ப ரிப்போர்ட்ல சிவப்புல தெரியுதில்ல, அதை யார்கிட்ட எடுத்துட்டுப் போறதுன்னு அவங்க யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில பிளான்ட் மேனேஜர்கிட்ட போச்சு. சி ஷிஃப்டுக்கு ரிலீவர் ஆட்களைக் கூட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன்.

நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, அல்லது உங்க வீட்டுல யாராவது பார்த்தா, சோதிக்கிறது இப்படி. பே ஸ்லிப்ல ஓ.டி. மொத்தத்தைப் பார்த்தா தெரியாது. தேதிவாரி வருகை ரிப்போர்ட் வாங்குங்க. வீக் ஆஃபுக்கு முந்தின ராத்திரி கூடுதலா நின்ன ஒரு நாளை எடுங்க, வாரத்தோட நடுவுல அதே அளவு நின்ன இன்னொரு நாளை எடுங்க. ரெண்டுக்கும் ஓ.டி. ஒண்ணா இருக்கணும். அப்புறம் சுற்றோட முதல் ராத்திரித் தேதியைப் பாருங்க. அங்க ரெண்டே மணி நேர வேலைன்னு ஒரு வரி நின்னா, உங்க சாஃப்ட்வேரும் ராத்திரி 12க்கு வெட்டுது.

அண்ணன்கிட்ட அரியர் வந்ததான்னு போன்ல கேட்டேன். "வந்துச்சு தம்பி, ஏழு நாளைக்கு. அந்த ஏழாவது எதுன்னு தேதி மட்டும் சொல்லு, டைரியில ஏத்திக்கிறேன்"னார். சொன்னேன், எழுதிக்கிட்டார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.